சி.சி. கணக்கின் அடிமட்டம்: மில் நிதிப் பிரிவுக்கு வரும் இளையவர்களுக்குச் சில வார்த்தைகள்

கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். நிதிப் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கல்லூரியில் படித்த ஒரு பாடத்தை ஒப்பிப்பார்கள்: நடைமுறை மூலதனத்துக்குக் குறுகிய காலக் கடனை அதிகம் நம்பினால் அது துணிச்சலான கொள்கை, லாபம் கூடும், ஆபத்தும் கூடும், நீண்ட காலப் பணத்தை அதிகம் வைத்துக்கொண்டால் எச்சரிக்கையான கொள்கை, இரண்டும் குறையும். தவறில்லை. ஆனால் எவ்வளவு லாபம், எந்த ஆபத்து, அது எந்த வழியாக உள்ளே வரும் என்று கேட்டால் பதில் வராது. அதற்காகத்தான் இது.

1. முதலில் தரையையும் மேட்டையும் பிரித்துப் பாருங்கள்.

பஞ்சு அக்டோபரில் வரத் தொடங்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வரத்து உச்சத்தில் இருக்கும். அப்போது வாங்கிக் குடோனை நிரப்பி, அடுத்த பஞ்சு வரும்வரை ஓட்டுவதுதான் நம் மில்களின் பழைய வழக்கம். அதனால் மில்லில் முடங்கும் பணம் வருஷம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. ஜூலை-செப்டம்பரில் குடோன் காலியானதுபோலத் தெரிந்தாலும் கொஞ்சம் பஞ்சு, ஓட்டத்தில் இருக்கும் சரக்கு, கொஞ்சம் நூல், வியாபாரிகளிடம் வரவேண்டிய பாக்கி ஆகியவை இருந்தே தீரும். மில் ஓடும்வரை இந்த அளவு கரையாது. பெயர்தான் நடப்புச் சொத்து. குணத்தில் அது கட்டடம், மிஷின் போல நிரந்தரம். இதுதான் தரை. அதற்கு மேல் சீசனில் ஏறி இறங்குவது மேடு.

கணக்குக்காக ஒரு மில்லை வைத்துக்கொள்வோம். கட்டடமும் மிஷினும் 20 கோடி. சப்ளையர் பாக்கியைக் கழித்த பிறகு தரை 10 கோடி. மேடு அக்டோபர்-டிசம்பரில் 6 கோடி, ஜனவரி-மார்ச்சில் 12 கோடி, ஏப்ரல்-ஜூனில் மறுபடி 6 கோடி, ஜூலை-செப்டம்பரில் பூஜ்யம். ஆக, மில்லுக்குத் தேவையான மொத்தப் பணம் குறைந்தது 30 கோடி, அதிகபட்சம் 42 கோடி. முதலாளியின் சொந்தப் பணம் 16 கோடி. மீதி எங்கிருந்து வரப்போகிறது என்பதுதான் கேள்வி.

2. மூன்று வழிக்கும் நீங்களே கணக்குப் போடுங்கள்.

டேர்ம் லோன் வட்டி 11 சதவீதம், சி.சி. வட்டி 9 சதவீதம், சும்மா கிடக்கும் பணத்தை டெபாசிட்டில் போட்டால் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்கு முன் வருஷ லாபம் 5 கோடி.

பொருத்திப் போகும் வழியில் மிஷினுக்கும் தரைக்கும் சேர்த்து 30 கோடி நீண்ட காலப் பணம், அதாவது 14 கோடி டேர்ம் லோன். மேட்டுக்கு மட்டும் சி.சி. வருஷ சராசரியில் சி.சி. 6 கோடி நிற்கும். மொத்த வட்டி 2 கோடியே 8 லட்சம். வரிக்கு முன் லாபம் 2 கோடியே 92 லட்சம்.

துணிச்சலான வழியில் டேர்ம் லோன் 10 கோடிதான். தரையில் 4 கோடியையும் சி.சி.யே சுமக்கும், அது 4 கோடிக்குக் கீழே இறங்காது, உச்சத்தில் 16 கோடி போகும், சராசரி 10 கோடி. வட்டி 2 கோடி. லாபம் 3 கோடி.

எச்சரிக்கையான வழியில் மேட்டின் பெரும்பகுதிக்கும் நீண்ட காலப் பணமே. டேர்ம் லோன் 23 கோடி. ஜனவரி-மார்ச்சில் மட்டும் 3 கோடி சி.சி. எடுத்தால் போதும். மற்ற காலாண்டுகளில் 3 கோடி, 9 கோடி, 3 கோடி என்று கையில் பணம் கிடக்கும். டெபாசிட் வட்டியைக் கழித்த பிறகும் செலவு 2 கோடியே 37 லட்சம். லாபம் 2 கோடியே 63 லட்சம்.

முதலாளியின் 16 கோடிக்கு வருமானமாகப் பார்த்தால் துணிச்சலில் 18.75 சதவீதம், பொருத்தத்தில் 18.25, எச்சரிக்கையில் 16.4. புத்தகம் சொன்ன வரிசைதான். ஆனால் இடைவெளியைப் பாருங்கள். பொருத்தமான வழியிலிருந்து துணிச்சலுக்குத் தாண்டினால் கிடைப்பது வருஷத்துக்கு 8 லட்சம். எச்சரிக்கைக்குத் தாண்டினால் இழப்பது 29 லட்சம், ஏனென்றால் அங்கே 11 சதவீதத்துக்கு வாங்கிய பணத்தை 6 சதவீதத்துக்குத் தூங்க விடுகிறோம். அந்த 29 லட்சத்தை இன்சூரன்ஸ் பிரீமியம் என்று சில முதலாளிகள் நினைப்பார்கள், வேறு சிலர் தண்டம் என்பார்கள். எது சரி என்பது அடுத்து வருவதைப் பொறுத்தது.

3. வட்டி ஏறுவதைப் பெரிய பூதமாக நினைக்காதீர்கள்.

ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து உயர்த்தத் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5-க்குக் கொண்டுபோனது. அதே 2.5 சதவீதம் நம் மில்லின் சி.சி.யில் ஏறியதாக வைத்துக்கொள்ளுங்கள். துணிச்சல் மில்லுக்குக் கூடுதல் வட்டி 25 லட்சம், பொருத்த மில்லுக்கு 15 லட்சம், எச்சரிக்கை மில்லுக்கு 2 லட்சம்கூட வராது. லாபம் முறையே 2.75, 2.77, 2.61 கோடி. துணிச்சலின் 8 லட்ச அனுகூலம் போய்விட்டது, அவ்வளவுதான். மில் சாகவில்லை.

இதிலும் டேர்ம் லோன் வட்டி நிலையானது என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். நம் நாட்டில் அதுவும் பெரும்பாலும் மிதக்கும் வட்டிதான். குறு, சிறு தொழில்களுக்குத் தரும் மிதக்கும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று 2019 அக்டோபரிலிருந்தே விதி இருக்கிறது. நடுத்தரத் தொழில்களுக்கு 2020 ஏப்ரலிலிருந்து. எனவே நீண்ட காலக் கடன் வாங்குபவர் வட்டிக்குப் பாதுகாப்பு வாங்குகிறார் என்று நம்பிவிடாதீர்கள். அவர் வாங்குவது அவகாசம்.

4. உண்மையான ஆபத்து டிராயிங் பவரில் இருக்கிறது. இதை நிதானமாகப் படியுங்கள்.

வங்கி சி.சி. லிமிட் 16 கோடி கொடுத்திருக்கிறது என்றால் 16 கோடியும் எப்போதும் உங்களுடையது என்று அர்த்தமில்லை. மாதாமாதம் நீங்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்து எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி கணக்கிடும். சரக்கின் மதிப்பில் சப்ளையருக்குத் தரவேண்டியதைக் கழிப்பார்கள், 90 நாளுக்குள் வரவேண்டிய பாக்கியைச் சேர்ப்பார்கள், மார்ஜினைக் கழிப்பார்கள். சரக்குக்கு ஒரு மார்ஜின், பாக்கிக்கு ஒரு மார்ஜின் என்று வைக்கும் வங்கிகள் உண்டு. கணக்கு எளிதாக இருக்க இரண்டுக்கும் 25 சதவீதம் என்போம்.

மார்ச் மாதம் நம் மில்லில் சரக்கு 18 கோடி, வரவேண்டியது 6 கோடி, தரவேண்டியது 2 கோடி. 22 கோடியில் முக்கால்வாசி 16.5 கோடி டிராயிங் பவர். துணிச்சல் மில் 16 கோடி எடுத்திருக்கிறது. ஸ்டேட்மென்ட் சுத்தமாக இருக்கிறது. மேனேஜர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

இப்போது விலை இறங்குகிறது. 2022 மே மாதம் பஞ்சு விலை கேண்டிக்கு (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த வருஷம் முடிவதற்குள் 30 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. உச்ச விலையில் குடோனை நிரப்பியவர்களை அது எப்படிப் பிடித்தது என்று சொல்லத் தேவையில்லை. நம் மில்லில் எல்லாச் சரக்கும் 30 சதவீதம் விழுந்ததாக வையுங்கள். பஞ்சு விழுந்தால் நூலும் விழும். சரக்கை வாங்கிய விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும். ஸ்டாக் ஆடிட்டர் வரும்போது முதலில் பேல் எண்ணிக்கையைச் சரிபார்ப்பார். 170 கிலோ பேல். அடுக்கை எண்ணிவிடலாம், அதில் சண்டை வருவதில்லை. பிறகு விலைப் பத்தியில் விரலை வைத்து, அன்றைய மார்க்கெட் ரேட்டை எடுத்துப் பக்கத்தில் எழுதுவார். சண்டை அங்கேதான்.

18 கோடிச் சரக்கு 12.6 கோடி ஆகிறது. பாக்கியைச் சேர்த்து, தரவேண்டியதைக் கழித்தால் 16.6 கோடி, முக்கால்வாசி 12.45 கோடி. எடுத்திருப்பது 16 கோடி. பள்ளம் 3 கோடியே 55 லட்சம்.

இந்த 5.4 கோடி சரக்கு நஷ்டம் மூன்று மில்லுக்கும் பொது. பஞ்சை வாங்கி வைத்ததால் வந்த நஷ்டம் அது. கடனை எங்கே வாங்கினோம் என்பதால் வந்ததல்ல. ஒரு வருஷ லாபத்தையே தின்றுவிடும் அடி. ஆனால் எச்சரிக்கை மில்லின் சி.சி.யில் 3 கோடிதான் இருக்கிறது, அவர்கள் விலை திரும்பும்வரை உட்கார்ந்திருக்கலாம். பொருத்த மில் 12 கோடி எடுத்திருக்கிறது, 12.45-க்குள் மயிரிழையில் நிற்கிறது. இந்த நேரத்தில் 2 கோடி பாக்கி 90 நாளைத் தாண்டினால், நூல் வாங்கியவருக்கும் அதே விலை அடிதானே, தாண்டத்தான் செய்யும், அவர்களுக்கும் ஒரு கோடி இடிக்கும். துணிச்சல் மில்லுக்கு அப்போது பள்ளம் 5 கோடிக்கு மேல்.

5. சரக்கை விற்று அடைத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் பென்சிலை எடுங்கள்.

எல்லா முதலாளியும் முதலில் சொல்வது இதுதான். நஷ்டத்துக்காவது கொஞ்சம் நூலைத் தள்ளி சி.சி.யைச் சரிபண்ணுவோம் என்பார்கள். ஒரு ரூபாய்ச் சரக்கை ரொக்கத்துக்கு விற்றால் கடன் ஒரு ரூபாய் குறையும். அந்த ஒரு ரூபாய்ச் சரக்கு குடோனில் இல்லாததால் டிராயிங் பவரும் 75 பைசா குறையும். பள்ளம் மூடுவது 25 பைசாதான். அப்படியானால் 3.55 கோடிப் பள்ளத்தை மூட 14.2 கோடிக்கு விற்க வேண்டும். குடோனில் இருப்பதே 12.6 கோடிக்கு. கடனுக்கு விற்றால் நம் மார்ஜின்படி ஒரு பைசாகூட மூடாது. சரக்கு பாக்கியாக மாறும், அவ்வளவே. சப்ளையருக்குத் தராமல் இழுத்தாலும் பெரிதாக மூடாது, தரவேண்டியது கூடினால் அதில் முக்கால் பங்கு டிராயிங் பவரில் விழும்.

ஆகவே பள்ளத்தை மூட வெளியிலிருந்து புதுப் பணம் வரவேண்டும். முதலாளி வீட்டுப் பணம், சொத்தை அடமானம் வைத்துப் புதிய டேர்ம் லோன், இல்லையென்றால் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கொடுக்கும் தனியார். 3.55 கோடிக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 7 லட்சத்துக்கு மேல். வருஷம் முழுக்கத் துணிந்து நின்று சேர்த்த 8 லட்சம் ஏறக்குறைய ஒரே மாதத்தில் கரைகிறது. துணிச்சலின் விலை எவ்வளவு என்று என்னிடம் கேட்டால் நான் காட்டுவது இந்த வரியைத்தான், வட்டி விகித வித்தியாசத்தை அல்ல.

பணம் வராவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கும். சி.சி. நிலுவை டிராயிங் பவருக்கு மேல் 30 நாள் தாண்டினால் வங்கி அதைக் கண்காணிப்புப் பட்டியலில் ஏற்றும், 60 நாளில் அடுத்த படி, தொடர்ந்து 90 நாள் தாண்டினால் வாராக்கடன். ஸ்டேட்மென்ட்டையே கொடுக்காமல் மறைக்கலாமா என்று யோசிக்கும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்ட்டை வைத்து எடுத்த பணமும் முறைகேடாகத்தான் கணக்காகும்.

6. வங்கி அனுமதித்தது என்பதால் அது உங்கள் கொள்கை ஆகிவிடாது.

நம் துணிச்சல் மில் எடுத்த 16 கோடி தற்செயல் எண் இல்லை. 1975-ல் அறிக்கை கொடுத்த தாண்டன் குழுவின் இரண்டாவது முறைப்படி, நடப்புச் சொத்தில் கால்பங்கை நீண்ட காலப் பணம் சுமக்க வேண்டும். 24 கோடியில் 6 கோடி போக, தரவேண்டிய 2 கோடியும் போக, மிச்சம் 16. ஆக, வங்கி போடும் கோட்டில் கால் வைத்து நிற்பதே துணிச்சலின் எல்லை. 1997-லேயே ரிசர்வ் வங்கி இந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது என்றாலும் பல வங்கிகளின் கணக்கு இன்றும் அந்த அச்சிலேயே ஓடுகிறது. அதே குழு மூன்றாவதாக ஒரு முறையும் சொன்னது: தரை முழுவதையும் நீண்ட காலப் பணமே தாங்கட்டும், மிச்சத்திலும் கால்பங்கு தாங்கட்டும். ரிசர்வ் வங்கி அதை ஏற்கவில்லை. உங்கள் மில்லுக்கு நீங்கள் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம்.

7. மில் எந்தக் கொள்கையில் இருக்கிறது என்பதைப் போர்டு தீர்மானத்தில் தேடாதீர்கள், சி.சி. பாஸ் ஷீட்டில் தேடுங்கள்.

எந்த முதலாளியும் ‘இன்று முதல் துணிச்சல்’ என்று தீர்மானம் போடுவதில்லை. ஒரு ஆட்டோகோனர் வாங்குகிறார்கள். டேர்ம் லோன் பேப்பர் வேலைக்கு இரண்டு மாதமாகும், இப்போதைக்கு சி.சி.யில் அட்வான்ஸ் கொடுப்போம் என்கிறார்கள். பிறகு லோன் எடுக்கவே மறந்துவிடுகிறார்கள். அடுத்த வருஷம் காற்றாலைக்கு ஒரு பங்கு. இப்படியே பொருத்தமாக இருந்த மில் சத்தமில்லாமல் துணிச்சலாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு எண் போதும். வருஷத்தில் சி.சி. நிலுவை எவ்வளவு கீழே இறங்கியது? ஆகஸ்ட், செப்டம்பரில் பாருங்கள். கடந்த வருஷங்களின் அடிமட்டத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் பொருத்தம். 4 கோடியில் நின்றால் 4 கோடித் தரை குறுகிய காலக் கடனில் நிற்கிறது. முன்பு 1, பிறகு 2.5, இப்போது 4 என்று அடிமட்டம் ஏறிக்கொண்டே போனால் யாரோ நீண்ட காலச் சொத்தை சி.சி.யில் வாங்கியிருக்கிறார்கள், அல்லது நஷ்டத்தை சி.சி. சுமக்கிறது. மார்ச் 31 பேலன்ஸ் ஷீட் இதைக் காட்டாது. அன்று சீசன் உச்சம், எல்லா எண்ணும் பெரிதாக இருக்கும்.

8. எச்சரிக்கை வழிக்கும் அதன் நோய்கள் உண்டு.

ஜூலை-செப்டம்பரில் 9 கோடி டெபாசிட்டில் கிடக்கும்போது அதன்மேல் எல்லோருக்கும் கண். பக்கத்து நிலம் விலைக்கு வருகிறது என்பார் ஒருவர். மைத்துனர் கம்பெனிக்கு மூன்று மாதம் கைமாற்று என்பார் இன்னொருவர். அந்தப் பணம் மார்ச்சில் பஞ்சுக்கு வேண்டும் என்பதை எழுதி வைக்காவிட்டால் திரும்பி வராது.

இரண்டாவது நோய் இன்னும் மெல்லியது. டேர்ம் லோன் நிரந்தரமல்ல, தவணை கட்டக் கட்டக் கரையும். 23 கோடியை ஏழு வருஷத்தில் கட்டுவதென்றால் வருஷம் ஏறக்குறைய 3.3 கோடி அசல். வரி போக லாபமும் தேய்மானமும் சேர்ந்து அந்த அளவுக்கு வராவிட்டால், அல்லது வந்ததை டிவிடெண்டாக எடுத்துவிட்டால், தவணை சி.சி.யிலிருந்துதான் போகும். எச்சரிக்கையாகத் தொடங்கிய மில் நாலாவது வருஷத்தில் துணிச்சல் மில்லாக நிற்கும்; அதற்கு ஒருவரும் துணிந்திருக்க மாட்டார்கள்.

9. சப்ளையர் பணத்தில் ஓட்டலாம் என்ற பழைய கணக்கை மறந்துவிடுங்கள்.

பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். 2023-24 நிதியாண்டு முதல், தாமதப்படுத்தி வருஷக் கடைசியில் நிற்கும் தொகையைக் கொடுக்கும் வருஷத்தில்தான் வருமான வரிக்குச் செலவாகக் கழிக்க முடியும். ஜின்னிங் பாக்டரிக்காரர் இதில் வருவாரா என்று அவருடைய பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. எவ்வளவு துணியலாம் என்பதை எண்ணாக முதலாளி முன் வையுங்கள்.

எனக்குப் பிடித்தது பொருத்த வழிக்குச் சற்று உள்ளே நிற்பது. தரை முழுக்க நீண்ட காலப் பணம், மேட்டிலும் ஒரு சிறு பங்கு. ஆனால் இது எல்லோருக்கும் ஒன்றல்ல. சீசனில் குவிக்காமல் வாராவாரம் பஞ்சு வாங்கும் மில்லுக்கு மேடே கிடையாது, விலை அடியும் சிறிது. அது இன்னும் கொஞ்சம் துணியலாம். ஒரே ஒரு வியாபாரியிடம் பாதி பாக்கி நிற்கும் மில் துணியக் கூடாது. அடமானம் வைக்காத சொத்து முதலாளியிடம் இருந்தால், அதுவே அவசரத்துக்குப் புதுப் பணம்.

ஒவ்வொரு வருஷமும் லிமிட் புதுப்பிக்கும் முன், டிசம்பரிலேயே ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள். மார்ச் உச்சத்தில் சி.சி. நிலுவை எவ்வளவு இருக்கும். சரக்கு விலை 30 சதவீதம் விழுந்து, பாக்கியில் மூன்றில் ஒன்று 90 நாளைத் தாண்டினால் டிராயிங் பவர் எவ்வளவு. இரண்டுக்கும் உள்ள பள்ளத்தை யார், எந்தப் பணத்தில், எத்தனை நாளில் அடைப்பார். மூன்றாவது வரியில் பெயரும் தொகையும் எழுத முடியவில்லை என்றால், அந்தப் பள்ளத்தின் அளவுக்கு டேர்ம் லோன் கேட்டு அந்த டிசம்பரிலேயே விண்ணப்பியுங்கள். விலை விழுந்த பிறகு எந்த வங்கியும் எளிதில் கொடுக்காது.